ஏழு வருடம் அப்டேட் என்கிறார்கள். ஆப் எத்தனை வருடம் ஓடும்?

கரிசல்காடு | 3 நவம்பர் 2025, இரவு 9.40

புது டிவிக்காகக் கடை கடையாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சாம்சங் என்றால் டைசனுக்கு ஏழு வருடம் அப்கிரேடு, எல்ஜி என்றால் வெப்ஓஎஸ்ஸுக்கு ஐந்து வருடத்தில் நான்கு அப்கிரேடு என்று ஆளுக்கொரு கணக்கு. கூகுள் டிவி விற்பவர் மட்டும் "சார், பிளே ஸ்டோர்ல இல்லாத ஆப்பே இல்ல" என்பதோடு முடித்துக்கொண்டார்.

இப்போது வீட்டில் இருப்பது 2018 மாடல். கம்பெனி பெயர் வேண்டாம், ஆண்ட்ராய்டு இல்லை என்பது மட்டும் போதும். பேனலில் ஒரு புள்ளிகூடச் சாகவில்லை. ஆனால் போன மாதம் ஒரு ஓடிடி ஆப்பைத் திறந்தால், இந்தச் சாதனத்தில் இனி இயங்காது என்று ஒரு வரி வந்து நிற்கிறது. அதே வருடம் தங்கை வீட்டில் வாங்கியது ஆண்ட்ராய்டு டிவி. அதற்கும் ஆண்ட்ராய்டு 9-க்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அதில் அதே ஆப் அட்டகாசமாக ஓடுகிறது.

ஆக என் கட்சி: அப்டேட் வாக்குறுதி என்பது பெட்டிமேல் ஒட்டும் ஸ்டிக்கர். ஆப் ஓடுவது வேறு எதையோ பொறுத்தது. மறுப்பவர்கள் வரலாம்.

ஸ்பேனர் சித்தன் | 3 நவம்பர், இரவு 10.15

டிவி சர்வீஸில் இருக்கிறேன். இது ரொம்ப சிம்பிள். ஆண்ட்ராய்டு டிவிக்கு அப்டேட் கூகுளிடமிருந்து நேராக வரும், மற்றதற்குக் கம்பெனி மனசு வைக்கணும். அதனால்தான் தங்கச்சி டிவி ஓடுது. கண்ணை மூடிக்கொண்டு கூகுள் டிவி வாங்குங்க.

வாசல்படி | 4 நவம்பர், காலை 6.50

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான். மழை வந்தால் நாலு சேனல் கட்டம் கட்டமாக உடைகிறது. சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் சரியாகுமா?

ஸ்பேனர் சித்தன் | 4 நவம்பர், காலை 7.05

அண்ணே, அது டிஷ். மொட்டை மாடிக்குப் போய் எல்என்பி கனெக்டரைத் திருகிப் பாருங்க, தண்ணி இறங்கியிருக்கும். ஓஎஸ்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

நள்ளிரவு பில்ட் | 4 நவம்பர், இரவு 11.30

டிவி ஆப் எழுதுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது, அதனால் கொஞ்சம் நீளும்.

சித்தன் சொன்னதில் பாதி சரி. ஆண்ட்ராய்டு டிவியிலும் ஓஎஸ் அப்டேட் கூகுளிடமிருந்து நேராக வருவதில்லை. சிப் கம்பெனி டிரைவர் கொடுக்க வேண்டும், டிவி கம்பெனி அதைத் தன் போர்டுக்கு ஏற்றபடி கட்டிச் சோதித்து அனுப்ப வேண்டும். விலை குறைந்த மாடல்களுக்கு அந்தச் செலவை யாரும் செய்வதில்லை. தங்கை டிவி 9-ல் நின்றதற்கு அதுதான் காரணம். கூகுளிடமிருந்து நேராக வருவது பிளே ஸ்டோரும், பிளே சர்வீசஸும், ஆப்களுக்குள் வெப்பேஜைக் காட்டும் வெப்வியூவும். ஓஎஸ் நின்ற பிறகும் இவை தனியாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

அடுத்தது ஆப். ஆண்ட்ராய்டில் ஆப் தன் மூட்டை முடிச்சோடு வருகிறது. வீடியோ பிளேயர் உட்பட வேண்டியது பெரும்பாலும் ஏபிகே என்ற அந்த ஆப் ஃபைலுக்குள்ளேயே இருக்கும். எந்த ஆண்ட்ராய்டு பதிப்புவரை இறங்கி வருவது என்பதை எழுதுகிறவர்களே முடிவு செய்யலாம். 9 என்பது எங்களுக்குப் பழையதே இல்லை.

டைசனிலும் வெப்ஓஎஸ்ஸிலும் கதை வேறு. அங்கே பெரும்பாலான ஆப்கள் வெப்பேஜ்கள்தான். டிவிக்குள் குரோமியம் என்ற பிரவுசர் எஞ்சின் இருக்கிறது, ஆப் அதன்மேல் ஓடுகிறது. அந்த எஞ்சின் ஸ்டோர் வழியாகத் தனியாகப் புதுப்பிக்கப்படுவதில்லை, ஓஎஸ்ஸோடு ஒட்டியது. ஓஎஸ் எந்தப் பதிப்பில் நின்றதோ அந்தப் பதிப்பின் பிரவுசர்தான் டிவியின் ஆயுள் முழுக்க. 2018, 2019 எல்ஜி மாடல்களில் இருப்பது குரோமியம் 53. அது 2016-ல் வந்தது. அதாவது 2019-ல் ஷோரூமிலிருந்து புத்தம் புதிதாக இறங்கிய டிவிக்குள் மூன்று வருடப் பழைய பிரவுசர். சாம்சங்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், 2018 மாடலில் 56.

உங்கள் கட்சிக்கு மறுப்பு இங்கேதான் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஓஎஸ் அப்டேட் வராமலே ஆப் பல வருடம் பிழைக்கும். வெப்ஓஎஸ், டைசனில் ஓஎஸ் அப்டேட்தான் புது எஞ்சின், புது எஞ்சின்தான் ஆப்பின் ஆயுள். அங்கே அந்த ஸ்டிக்கருக்கு மதிப்பு உண்டு.

கரிசல்காடு | 5 நவம்பர், காலை 8.20

அப்படியென்றால் 53-ல் ஓடவே முடியாத அளவுக்கு அந்த ஆப்பில் என்ன இருக்கிறது? அதே வீடியோ, அதே பிளே பட்டன். வேண்டுமென்றே கழற்றிவிடுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

நள்ளிரவு பில்ட் | 5 நவம்பர், இரவு 10.50

வேண்டுமென்றேதான், ஆனால் சூழ்ச்சி இல்லை, செலவு. ஒரு உதாரணம் சொல்கிறேன்.

ஒரு ரிலீசுக்குப் பிறகு 2021 டிவிகளிலிருந்து மட்டும் புகார். ஆப்பைத் திறந்தால் லோகோ வரும், அப்புறம் கறுப்புத் திரை. எரர் மெசேஜ்கூட இல்லை. ரிமோட்டில் பேக் அழுத்தினால் ஒழுங்காக வெளியே வரும், ஆகவே டிவி உறையவில்லை. 2022 மாடலில் ஒரு குறையும் இல்லை. தேடிப்போனால் காரணம் இந்த மாதிரி ஒரு வரி:

```
const img = show?.poster?.url;
```

அந்தக் கேள்விக்குறி, புள்ளி சேர்ந்த எழுத்து முறை குரோமியம் 80-ல்தான் வந்தது. வெப்ஓஎஸ் 6-ல் இருப்பது 79. டைசன் 6-ல் 76. வெப்ஓஎஸ்ஸுக்கு ஒரே ஒரு பதிப்புதான் வித்தியாசம்! எஞ்சினுக்கு அந்த வரி புரியாவிட்டால் அதை மட்டும் தாண்டிப் போகாது, அந்த ஃபைலையே படிக்காமல் விட்டுவிடும். எரர் மெசேஜ் காட்டுகிற கோடும் அதே ஃபைலில்தான், அதனால்தான் வெறும் கறுப்பு. எங்கள் சொந்தக் கோடு எல்லாம் பழைய எஞ்சினுக்குப் புரிகிற மாதிரி மாற்றப்பட்டுத்தான் போகும். இது வெளியிலிருந்து எடுத்த ஒரு லைப்ரரிக்குள் இருந்தது. அதையும் அதே மாற்றத்துக்குள் அனுப்பியதும் சரியாகிவிட்டது.

79-க்கு இவ்வளவு என்றால் 53-ஐ யோசியுங்கள். திரையில் போஸ்டர்களை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் கிரிட்கூட 57-ல்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் மாற்றுவழி உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் ஆப்பைக் கனமாக்கும். பழைய டிவியில்தான் மெமரியும் குறைவு. ஒவ்வொரு ரிலீசுக்கும் அந்த வருட டிவி ஒன்றை மேஜைமேல் வைத்து ஒருவர் ரிமோட்டோடு உட்கார வேண்டும். அந்த மாடலில் பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே வந்தால், ஒரு நாள் மீட்டிங்கில் யாராவது "இதை எடுத்துடலாமே" என்பார்கள்.

மூன்றாம் மாடி | 6 நவம்பர், மதியம் 1.10

நெட்ஃபிளிக்ஸ் மட்டும் பழைய டிவிகளில் எப்படி ஓடுகிறது? அதுவும் வெப்பேஜ்தானே?

நள்ளிரவு பில்ட் | 6 நவம்பர், மதியம் 1.45

இல்லை. நெட்ஃபிளிக்ஸ் தன் சொந்த எஞ்சினை டிவி கம்பெனிகளிடம் கொடுத்து, டிவி மென்பொருளுக்குள்ளேயே வைக்கச் சொல்கிறது. அதற்கான சான்றிதழும் தனி. அந்தப் பேரம் நடத்தும் பலம் பெரிய கம்பெனிகளுக்குத்தான் உண்டு. பிராந்திய மொழி ஓடிடிகள் எல்லாம் எங்களை மாதிரி 53, 68, 79 என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நெட்ஃபிளிக்ஸுமே என்றென்றைக்கும் தாங்கவில்லை. 2010, 2011 சாம்சங் மாடல்களில் 2019 டிசம்பர் 1-ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள்.

ஸ்பேனர் சித்தன் | 6 நவம்பர், இரவு 9.00

நான் பாதி சரி என்றால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எஞ்சின் எஞ்சின் என்கிறீர்கள், என்னிடம் வருகிற ஆண்ட்ராய்டு டிவிகளில் பெரும்பாலும் எஞ்சின் தகராறு கிடையாது, இடம்தான் கிடையாது. பெட்டியில் 8 ஜிபி என்று போட்டிருக்கும், ஓஎஸ் தின்றது போக பாதிதான் கைக்கு மிஞ்சும். ஆப்கள் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போகின்றன. ஒரு கட்டத்தில் எதுவுமே அப்டேட் ஆகாது, "ஆப் வேலை செய்யல" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் குழந்தைகள் ஏற்றிய கேம் நாலு. அழித்துவிட்டு, பெரிய ஆப்களின் கேஷைத் துடைத்தால் ஓடும். நோகாமல் ஐந்து நிமிட வேலை, ஆனால் மக்கள் அதற்குள் புது டிவி விலை விசாரித்திருப்பார்கள்.

நள்ளிரவு பில்ட் | 6 நவம்பர், இரவு 9.20

இது முழுசாகவே சரி. அதோடு, முந்தாநாள் ஆண்ட்ராய்டு 9-ஐ ரொம்பத் தூக்கிப் பேசிவிட்டேனோ என்று ஒரு யோசனை. குரோம் இந்த ஆகஸ்டில் 139-ஆம் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டு 10-ஐக் கேட்கிறது. வெப்வியூவும் அதே பாதைதான். எனவே ஆண்ட்ராய்டு 9 டிவிகளும் 138-ல் உறைந்துவிட்டன. நாளைக்கே ஒன்றும் ஆகாது, 53-க்கும் 138-க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது.

மூன்றாம் மாடி | 8 நவம்பர், காலை 11.25

என் கதை கொஞ்சம் வேறு. மாமனார் ஒரு கடையில் "ஆண்ட்ராய்டு 13 ஸ்மார்ட் டிவி" என்று மலிவாக வாங்கி வந்துவிட்டார். பிளே ஸ்டோர் இருக்கிறது. ஆனால் அதற்குள் போனில் வருகிற ஆப்கள் எல்லாம் வருகின்றன, சில நெட்டுக்குத்தாக! நெட்ஃபிளிக்ஸ் படம் கலங்கலாக இருக்கிறது. "நெட் ஸ்லோ" என்று மாமனார் பிராட்பேண்ட்காரரோடு சண்டை. போனில் அதே வைஃபையில் தெளிவாக ஓடுகிறது. இது எந்த ஓஎஸ் கணக்கில் வரும்?

நள்ளிரவு பில்ட் | 8 நவம்பர், மதியம் 12.40

எந்தக் கணக்கிலும் வராது, அதுதான் சிக்கல். ஆண்ட்ராய்டின் மூலக்கோடு எல்லோருக்கும் இலவசம். அதை எடுத்து டிவியில் போட்டு, போனுக்கான பிளே ஸ்டோரை மேலே ஒட்டிவிடுவார்கள். கூகுளின் சான்றிதழும் இருக்காது, நெட்ஃபிளிக்ஸின் சான்றிதழும் இருக்காது.

பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் அபவுட் பகுதிக்குப் போங்கள், பிளே புரொடெக்ட் சான்றிதழ் இல்லை என்று அங்கேயே எழுதியிருக்கும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் `DRM Info` என்று ஒரு இலவச ஆப் உண்டு. அதில் வைட்வைன் என்ற இடம் வீடியோவுக்கான பூட்டின் தரத்தைக் காட்டும், அங்கே `L1` இருந்தால் நல்லது, `L3` என்றால் நெட்ஃபிளிக்ஸ் 480பி-யைத் தாண்டாது. பிராட்பேண்ட்காரர் பாவம், ஜிகாபிட் கொடுத்தாலும் இதேதான்.

மூன்றாம் மாடி | 8 நவம்பர், இரவு 8.15

`L3`. மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை. பிராட்பேண்ட்காரரிடம் சொல்லிவிட்டேன்.

வாசல்படி | 9 நவம்பர், காலை 7.10

கனெக்டர்தான் சித்தன் தம்பி. பச்சையாகத் துரு. மாற்றியாச்சு.

பெட்டி போதும் | 10 நவம்பர், மாலை 6.30

இத்தனை எஞ்சின் கணக்கு எதற்கு? நல்ல பேனலாக வாங்குங்கள், பின்னால் ஒரு ஃபயர் ஸ்டிக் குத்துங்கள். ஃபயர் டிவியும் உள்ளே ஆண்ட்ராய்டுதான், ஸ்டோரில் இல்லாத ஆப்பை ஏபிகே போட்டுக்கொள்ளலாம். நாலு வருடத்தில் பழசானால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாம். டிவியை நெட்டிலேயே இணைக்காதீர்கள்.

நள்ளிரவு பில்ட் | 10 நவம்பர், இரவு 11.00

ஸ்டிக் யோசனை நல்லது. காரணம் பழையது. இந்த செப்டம்பர் இறுதியில் அமேசான் அறிவித்த ஃபயர் டிவி ஸ்டிக் 4கே செலக்ட்டில் ஆண்ட்ராய்டு இல்லை. வேகா என்று அவர்களே கட்டிய ஓஎஸ். ஏபிகே ஏறாது, ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் போட முடியாது. பழைய ஃபயர் டிவி ஆப் இதில் நேராக நிற்காது, எங்களைப் போன்றவர்கள் மறுபடி எழுத வேண்டும். ஃபயர் ஸ்டிக் என்ற ஒரே பெயரில் இப்போது இரண்டு ஓஎஸ் கடையில் தொங்குகிறது, வாங்குமுன் எது என்று பாருங்கள். பெரிய ஓடிடி மட்டும் போதும் என்றால் எதுவானாலும் சரி. விஎல்சி, கோடி மாதிரி பிளேயர் ஆப்களுக்குப் பழகியவர்கள் கூகுள் டிவி ஸ்டிக் எடுப்பது நிம்மதி.

பெட்டி போதும் | 11 நவம்பர், காலை 9.05

என்னிடம் இருப்பது பழைய ஸ்டிக். ஏபிகே ஏறுகிறது. ஆகவே நான் சொன்னது தப்பில்லை.

ஸ்பேனர் சித்தன் | 11 நவம்பர், காலை 9.30

ஸ்டிக் குத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்க. டிவியின் யுஎஸ்பியில் கரண்ட் எடுக்காதீங்க. பல டிவி யுஎஸ்பி அரை ஆம்பியர்தான் தரும், ஸ்டிக் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும், நீங்க ஓஎஸ்ஸைத் திட்டுவீங்க. கூட வருகிற அடாப்டரைப் போடுங்க.

கரிசல்காடு | 12 நவம்பர், இரவு 10.10

ஒரு சந்தேகம். ஒரே பிராண்ட் சில டிவியை கூகுளிலும் சிலதை ஃபயரிலும் விற்கிறதே. ஆண்ட்ராய்டில் கை வைத்தால் கூகுள் சும்மா விடாது என்று கேள்விப்பட்டேன்.

நள்ளிரவு பில்ட் | 13 நவம்பர், காலை 12.20

முன்பு நிலைமை அதற்குப் பக்கம்தான். பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில், வேறு ஆண்ட்ராய்டு கிளையில் பொருள் செய்யக் கூடாது என்று ஒரு நிபந்தனை. இந்தியப் போட்டி ஆணையத்தில் அது வழக்கானது. இந்த ஏப்ரலில் கூகுள் 20.24 கோடி ரூபாய் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. இனி இங்கே டிவி கம்பெனிகள் பிளே ஸ்டோரைத் தனியாகக் கட்டணம் கொடுத்து வாங்கலாம், கூகுள் அல்லாத ஆண்ட்ராய்டு டிவிகளும் செய்யலாம். அப்படியென்றால் கடையில் பெயர் தெரியாத ஓஎஸ்கள் இன்னும் கூடும். பிப்ரவரியில் ஜியோடெலி ஓஎஸ் வந்ததே, அந்த மாதிரி. புது ஓஎஸ் ஒன்றைப் பார்த்தால் நான் முதலில் அதன் ஸ்டோரைத் திறந்து, நான் பார்க்கும் ஓடிடிகளின் பெயரை ஒவ்வொன்றாகத் தேடுவேன். எழுதுகிறவர்களுக்கு அது இன்னொரு மேஜை, இன்னொரு டிவி. எல்லோரும் அங்கே போய்விட மாட்டார்கள்.

கரிசல்காடு | 15 நவம்பர், மாலை 7.45

இன்று ஷோரூமில் டெமோ டிவி பிரவுசரில் "what is my user agent" என்று தேடிப் பார்த்தேன். விற்பனைப் பையன் ஒரு மாதிரி பார்த்தான். போன வருட எல்ஜி மாடல் ஒன்றில் இப்படி வந்தது, பாதியைத்தான் போட்டோ எடுக்க முடிந்தது:

```
Mozilla/5.0 (Web0S; Linux/SmartTV) ... Chrome/108
```

108 என்றால் தேறுமா? பக்கத்தில் தள்ளுபடியில் ஒரு சாம்சங் இருந்தது, மாடல் எண்ணில் அளவுக்குப் பிறகு `BU` என்று வருகிறது.

நள்ளிரவு பில்ட் | 15 நவம்பர், இரவு 11.15

108 தாராளம். அது வெப்ஓஎஸ் 24. `BU` என்றால் 2022. சாம்சங் யுஎச்டி வரிசையில் `TU` 2020, `AU` 2021, `BU` 2022, `CU` 2023, `DU` 2024. எல்ஜியில் `UN` 2020, `UP` 2021, `UQ` 2022, `UR` 2023, `UT` 2024. தள்ளுபடியில் தள்ளுவது பெரும்பாலும் பழைய எழுத்துதான். சாம்சங்கின் ஏழு வருட வாக்குறுதி 2024 மாடல்களிலிருந்தும் சில 2023 மாடல்களிலிருந்தும்தான் தொடங்குகிறது. அந்த `BU`-வில் இருப்பது 85. இன்றைக்கு எல்லாம் ஓடும். ஆனால் ஏழு வருடம் என்று சொல்லி அதை விற்றால் நம்பாதீர்கள்.

எல்ஜி திட்டத்திலும் 2022 மாடல் எல்லாமே முதலில் சேரவில்லை, ஓஎல்இடி மாதிரி மேல்தட்டு மாடல்கள்தான் முந்தின. எனவே பிராண்ட் வாக்குறுதியை விட்டுவிட்டு, அந்த மாடல் எண் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்பேனர் சித்தன் | 16 நவம்பர், காலை 8.00

எல்லாம் சரி. ஏழு வருடம் கழித்து வருகிற ஓஎஸ்ஸை இன்றைய சிப் தாங்குமா? ரேம் கூட்ட வழியில்லை. புது ஹோம் ஸ்கிரீன், புது விளம்பரம், அப்புறம் ரிமோட்டை அழுத்தினால் மூணு எண்ணிய பிறகுதான் நகரும். அப்டேட் வந்த பிறகு "பழசையே திருப்பிப் போட்டுக் கொடுங்க" என்று கேட்கிறவர்கள் என்னிடம் நிறைய. திருப்ப முடியாது என்றால் கோபம் வேறு.

நள்ளிரவு பில்ட் | 16 நவம்பர், இரவு 10.30

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எஞ்சின் புதிதானால் எங்கள் கோடு மெலியும், அந்த அளவுக்கு ஆப் வேகமாகும். ஹோம் ஸ்கிரீன் எவ்வளவு தின்னும் என்பது டிவி கம்பெனி கையில். இரண்டையும் கூட்டிக் கழித்தால் லாபமா நஷ்டமா என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

பெட்டி போதும் | 16 நவம்பர், இரவு 10.45

அதனால்தான் ஸ்டிக் என்கிறேன்.

கரிசல்காடு | 18 நவம்பர், இரவு 9.15

`UT`-ல் ஒன்று முன்பதிவு செய்தாயிற்று. ஸ்டிக் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய டிவியை எக்ஸ்சேஞ்சில் கேட்ட விலை சொன்னால் சிரிப்பீர்கள். கொடுக்கவில்லை, அம்மா அறைக்குப் போகிறது. மூன்றாம் மாடி, மாமனாரிடம் சொல்லியாயிற்றா?

மூன்றாம் மாடி | 19 நவம்பர், காலை 10.40

சொன்னேன். "அப்போ ஆண்ட்ராய்டு 14 வாங்கியிருக்கணுமா?" என்று கேட்டார்.